புதுப்பிப்பு: அம்மாவின் சர்க்கரைக்கான வார ஊசி விட்டுப்போன கதை

நான் கேட்டது: "ஞாயிறு ராத்திரி ஊசி விட்டுப்போச்சு, வெள்ளி காலைலதான் ஞாபகம் வந்தது, இப்ப போடலாமா?"

போடவில்லை. மார்த்தாண்டத்தில் கல்யாண வீட்டுக்குப் போனதில் மூன்றாவது ஊசி தவறிவிட்டது. மருந்துக்கடை அண்ணன் "அஞ்சு நாள் வரை போடலாம்" என்றார், அது செமாக்ளூடைடு என்ற வேறொரு வார ஊசிக்குச் சரி. அம்மா போடுவது டிர்செபடைட், அதற்கு நாலு நாள்தான், வியாழன் ராத்திரியோடு முடிந்தது. அதோடு இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று நாளாவது வேண்டும், வெள்ளி போட்டால் ஞாயிறு போட முடியாது என்று டாக்டர் சொன்னார். ஞாயிறு வழக்கமான 2.5 மில்லிகிராம் மட்டும் போட்டோம், இரட்டிப்பாக இல்லை.

சித்தி தன் இன்சுலின் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தார், தினம் போடுவது வேறு, இது வேறு.

சர்க்கரை பெரிதாக இறங்கவில்லையே என்று பயந்தேன். 2.5 உடம்பைப் பழக்கத்தானாம், நாலு ஊசி முடிந்து 5.

ஆனால் மரச்சீனியும் மீன் குழம்பும் வழக்கம்போல் சாப்பிட்ட அன்று அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி, பாதித் தட்டு சாப்பிட்டால் இல்லை. அதனால் 5-க்கு உடனே ஏற்றுவதா என்று டாக்டர் அடுத்த வாரம் பார்த்துத்தான் சொல்வார்.