இரண்டாம் கட்டத்தில் பாஸ் ஏமாற்றுகிறதா, நாம் பாடத்தை அரைகுறையாகப் படித்தோமா?

தாமரைக்குளம்:
ஹாலோ நைட் விளையாட்டில் மான்டிஸ் லார்ட்ஸ் என்ற மூவர் பாஸ் சண்டையின் முன்னால் இரண்டு நாட்களாக நிற்கிறேன். முதலில் வருபவளை இப்போது ஓர் அடிகூட வாங்காமல் வீழ்த்திவிடுகிறேன். ஆனால் மற்ற இருவரும் சேர்ந்து இறங்கியதும் பத்து நொடிகூடத் தாங்குவதில்லை. கற்றதெல்லாம் வீணாகும்படி பாதியில் விதியை மாற்றுவது நியாயமான வடிவமைப்பா?

ஆணிமுனை:
அந்தச் சண்டையில் விதி மாறுவதே இல்லை. நான் அதை விரும்புவதற்கு அதுதான் காரணம். முதலில் வருபவளிடம் இருப்பவை மூன்றே தாக்குதல்கள். தரையோடு தரையாகக் குறுக்கே பாய்வாள். உங்கள் தலைக்கு மேல் தோன்றி நேர்கீழாகக் குத்துவாள். சுவரைப் பற்றிக்கொண்டு, போய்த் திரும்பி வரும் வளைவீச்சு ஒன்றை எறிவாள். அடுத்து வரும் இருவருக்கும் இதே மூன்றுதான், நான்காவதாக ஒன்றும் கிடையாது. மாறுவது இரண்டு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட ஓய்வு மட்டுமே.

முதல் கட்டத்தில் பாய்ச்சலைத் தாண்டிக் குதித்த பிறகு நீங்கள் எங்கே இறங்கினாலும் தண்டனை இல்லை. அரங்கின் மூலையில் இறங்கினாலும், பதற்றத்தில் இன்னொரு முறை குதித்தாலும், அடுத்த தாக்குதலுக்குள் நடுப்பகுதிக்குத் திரும்பிவிடலாம். அதனால் தப்பிப்பதை மட்டும் கற்றுக்கொண்டு, தப்பித்தபின் எங்கே நிற்பது என்பதைக் கற்காமலேயே அவளை வென்றுவிட முடிகிறது. இருவர் வந்ததும் அந்தக் கடன் வட்டியுடன் திரும்புகிறது. இடப்பக்கத்திலிருந்து ஒருத்தி பாய்கிறாள், நீங்கள் உயரக் குதித்து வலது மூலையை நோக்கி விழுகிறீர்கள், நீங்கள் தரையைத் தொடும் முன்பே மற்றொருத்தி உங்கள் தலைக்கு மேல் வந்துவிடுகிறாள். அப்போது விலகிச் செல்ல ஒரே ஒரு திசைதான் மிஞ்சியிருக்கும். நேர்மேலே குதித்து, அவள் கீழே கடக்கும்போது கையிலுள்ள ஆயுதமான ஆணியால் கீழ்நோக்கி அடித்து எம்பினால், நடுவிலேயே இறங்குவீர்கள். இரு பக்கமும் வழி திறந்திருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முயற்சியை வெல்வதற்காக ஆடாமல், இரண்டாம் கட்டத்தில் ஒரு முறைகூட அடிக்காமல், விலகுவதை மட்டும் செய்யுங்கள். எந்த இடத்தில் சாகிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருங்கல்:
உங்களுக்குச் சாதகமான சண்டையை எடுத்துக்கொண்டு நீதி சொல்கிறீர்கள். செகிரோ விளையாட்டில் அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோவை எடுத்துக்கொள்வோம். இரண்டு மரண வெட்டு கொடுத்து முடித்துவிட்டோம் என்று மூச்சுவிடும்போது, அவர் கவசத்தைக் களைந்துவிட்டு, முழு உயிர்க்கோட்டுடன் மின்னலை ஏந்தி மறுபடி எழுகிறார். முந்தைய இரண்டு பகுதிகளில் மின்னலின் சாயல்கூட இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். அவரை இரண்டு முறை சாய்க்க எனக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். மூன்றாவது பகுதியில் நான் இருபது நொடி உயிரோடு இருப்பேன். அப்படியானால் இருபது நொடிப் பாடத்துக்கு நான்கு நிமிடம் கட்டணம் செலுத்துகிறேன். ஒரு மணி நேரம் ஆடினாலும் மூன்றாம் பகுதியைப் பார்த்தது மொத்தமாக ஐந்து நிமிடம் இருக்காது. பேட்டர்னைக் கற்பதில்தான் இன்பம் என்கிறார்களே, பள்ளிக்கூட வாசலிலேயே நாள் முழுவதும் நிறுத்தி வைத்தால் எப்படிக் கற்பது?

இரவுப்பறவை:
இருவரும் தேவையில்லாமல் சுற்றி வளைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பேட்டர்ன் என்று எதுவுமே கிடையாது, எல்லாம் சீட்டுக் குலுக்கல்தான். மான்டிஸ் லார்ட்ஸ் எந்த வரிசையில் தாக்குவார்கள் என்று நான் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். இரண்டு முயற்சிகள் ஒன்றுபோல் அமையவில்லை. நல்ல சீட்டு விழும் வரை திரும்பத் திரும்ப ஆடுவதைத்தான் நாம் கற்பது என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

ஆணிமுனை:
வரிசை மாறுகிறது என்பதைச் சரியாகக் கண்டிருக்கிறீர்கள். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது வரிசையை அன்று. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் ஓங்கல், ஓர் அடி, ஒரு மீளல் உண்டு. இந்த மூன்றின் நீளமும் ஒருபோதும் மாறாது. எது வரும் என்பது சீட்டு, வந்ததற்கு என்ன விடை என்பது சீட்டன்று.

அந்தச் சீட்டிலும் கடிவாளம் போட்டுத்தான் குலுக்குகிறார்கள். ஹாலோ நைட் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில், பிளேமேக்கர் என்ற கருவியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதில் எதிரிகளின் அடுத்த செயலைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில், வாய்ப்பின் எடையோடு இரண்டு வரம்புகளையும் கொடுக்க முடிகிறது. பொழுதுபோக்காக நான் செய்துவரும் சிறு விளையாட்டிலும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறேன். கீழே உள்ள எண்கள் என்னுடையவை.

```
attacks   = [dash, drop, throw]
weights   = [0.4, 0.3, 0.3]
eventMax  = [2, 2, 1]
missedMax = [4, 4, 5]
```

இதன்படி பாய்ச்சல் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வராது. எறிதல் அடுத்தடுத்து இரு முறை வரவே வராது. ஒரு தாக்குதல் நான்கைந்து சுற்றுகளாகத் தலைகாட்டவில்லை என்றால், எடை என்னவாக இருந்தாலும் அது கட்டாயம் வந்தாக வேண்டும். இந்த வரம்புகளை எடுத்துவிட்டு ஒரு நண்பரை ஆட வைத்தேன். ஒரே தாக்குதல் ஆறு முறை அடுத்தடுத்து வந்தது. பாஸ் கெட்டுப்போய்விட்டது என்று அவர் நினைத்துவிட்டார். தூய குலுக்கல் ஆடுபவரின் கண்ணுக்குப் பிழையாகவே தெரியும். மாறாத வரிசையோ இரண்டே நாளில் சலித்துவிடும்.

தொலைக்காட்சிப்பெட்டி:
எனக்கும் இதே சிக்கல் இருந்ததால் எழுதுகிறேன். புதிதாக ஒரு பெரிய டிவி வாங்கியதிலிருந்து எந்த பாஸையும் என்னால் வெல்ல முடியவில்லை. பொத்தானை அழுத்திய பிறகே திரையில் குதிப்பது போல் இருந்தது. பல வாரம் என் விரல்களைக் குறை சொன்னபின், அமைப்புகளில் கேம் மோடு என்ற ஒன்றை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று யோசிப்பதற்கு முன்பு தாமரைக்குளம் தம் டிவியைச் சோதிக்க வேண்டும்.

ஆணிமுனை:
கேட்ட கேள்வி வேறு என்றாலும் நீங்கள் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதருக்குக் கால் நொடி அளவு தேவைப்படுகிறது. எது வருகிறது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தால் இன்னும் கூடும். ஓங்கல் அரை நொடி நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது கால் நொடிதான். டிவி பத்தில் ஒரு பங்கு நொடியைத் தின்றால், அந்த மிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஆனால் தாமரைக்குளம் முதலாமவளை அடியே வாங்காமல் வெல்கிறார். ஓங்கல்கள் இரண்டு கட்டத்திலும் அவையே என்பதால், தாமதம் இருந்திருந்தால் அது முதலிலேயே அவரைக் கொன்றிருக்கும்.

கருங்கல், உங்களிடம் வருகிறேன். கெனிச்சிரோவின் மின்னல் வானத்திலிருந்து விழுந்த புதுப்பாடம் என்பதை நான் ஏற்கவில்லை. முதல் இரண்டு பகுதிகளில் அவர் எம்பிக் குதித்து மேலிருந்து வெட்டிய பின், குத்தாகவோ தாழ்வான வீச்சாகவோ தொடருவார். இரண்டுக்கும் ஒரே சிவப்பு எழுத்துதான் திரையில் ஒளிரும். ஆகவே எழுத்தைப் பார்த்துப் பயனில்லை, உடலைப் பார்க்க வேண்டும்: வாளைப் பின்னுக்கு இழுத்தால் குத்து, முன்னே அடியெடுத்து வைத்து அதை மிதிக்க வேண்டும், உடல் தாழ்ந்தால் வீச்சு, குதிக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் மின்னலுக்கான விடையும் குதிப்பதுதான். காற்றில் இருக்கும்போது மின்னலை வாங்கி, கால் தரையில் படுமுன் வாளை வீசினால் அது அவரையே சென்று தாக்கும். தப்புவதற்காகப் பழகிய அதே குதி இப்போது திருப்பி அடிக்கும் கருவியாகிறது.

கருங்கல்:
இதை நீங்கள் இப்போது விளக்கியதால் அழகாகத் தெரிகிறது. மின்னலை ஏந்தியபடி ஒருவர் பாய்ந்து வரும்போது, அதைக் காற்றில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எவருடைய உள்ளுணர்வும் சொல்லாது. நான்கு நிமிடக் கட்டணத்தைப் பற்றியும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

மாறாத ஓங்கல் என்றீர்களே, எல்டன் ரிங்கின் மார்கிட் கோலை உயர்த்தி அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறாரே, அது என்ன? உயர்த்தியதும் உருள வேண்டும் என்று மற்ற எதிரிகளிடம் கற்ற பழக்கத்தையே பொறியாக்கி, நாம் உருண்டு எழும் வேளை பார்த்து இறக்குகிறார். கற்பித்ததற்காகவே தண்டிப்பதுதானே அது?

ஆணிமுனை:
அந்த நிறுத்தமும் எப்போதும் ஒரே நீளம்தான். உயர்த்துவதைப் பார்த்து உருளாமல், கோல் கீழ்நோக்கி அசையத் தொடங்குவதைப் பார்த்து உருண்டால் போதும். ஆனால் அவர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பலருக்கும் எதிர்ப்படுகிறார் என்பதால், அந்தப் பாடத்தை அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு கடுமையாக வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்தும்.

நான்கு நிமிடக் கணக்குக்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. செகிரோவில் எதிராளியின் உயிர் குறையக் குறைய, உடைந்தால் மரண வெட்டுக்கு வழிவிடும் அவருடைய நிலைத்தன்மை மீள்வதும் மெதுவாகிறது. ஆகையால் தொடக்கத்தில் சில வெட்டுகளை நேராகக் கொடுத்துவிட்டு, பிறகு அருகிலேயே நின்று அவர் வாளைத் தட்டிக்கொண்டிருந்தால் முதல் இரண்டு பகுதிகள் வெகுவாகச் சுருங்கும். பின்வாங்கி மூச்சு வாங்கினால் அவர் வில்லை எடுப்பார், நிலைத்தன்மையையும் மீட்டுக்கொள்வார். நான்கு நிமிடம் ஆவது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் அப்படி வேகமாக முடிக்கத் தெரிந்தவருக்கு மூன்றாம் பகுதியில் அவ்வளவாக உதவி தேவைப்படாது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கருங்கல்:
அதைத்தான் சொல்லப் போனேன்.

தாமரைக்குளம்:
அடிக்காமல் ஆடிப் பார்த்தேன். ஐந்து முயற்சிகளில் நான்கு முறை வலது மூலையில், பாய்ச்சலைத் தாண்டி இறங்கிய அதே இடத்தில் செத்தேன். மூலைக்கு ஓடும் பழக்கம் எனக்கு இருப்பதே இதுவரை தெரியாது.

பிறகு நேர்மேலே குதித்து அடிக்கும் முறைக்கு மாறினேன். ஓர் அடிக்குப் பதினொரு அளவு ஆன்மா சேர்கிறது, உயிரின் அலகான ஒரு முகமூடியைக் குணப்படுத்த முப்பத்து மூன்று ஆகிறது. ஆகவே முதலாமவளிடமே ஆன்மாக் கலத்தை நிரப்பிக்கொண்டு, மற்ற இருவரும் அரியணையிலிருந்து எழும் சிறு இடைவெளியில் குணப்படுத்திக்கொண்டேன். நேற்றிரவு இருவரில் ஒருத்தி விழுந்துவிட்டாள். மீதமிருந்தவள் தனியாக, முதல் கட்டத்தைப் போலவே மெதுவாகத்தான் வந்தாள். நான் வென்றுவிட்டதாக எண்ணி, அவள் சுவரிலிருந்து எறிந்த வீச்சு என்னைக் கடந்து சென்றதும் நின்ற இடத்திலேயே குணப்படுத்தத் தொடங்கினேன். அது திரும்பி வரும் என்பது நினைவுக்கு வரும்போது திரை இருண்டிருந்தது.

இரவுப்பறவை:
திரும்பி வருவது சீட்டில் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.