சிலிக்கா டயர்: பிடிப்பு கொடுத்து ஆயுளைத் தின்கிறதா?

ஈரச்சாலை
என் கார் முன்சக்கரத்தில் ஓடுவது. முன்னால் விலை கூடிய டயர் இரண்டு, பின்னால் மலிவானது இரண்டு. எல்லாம் ஒரே நாளில் புதிதாகப் போட்டவை, எல்லாவற்றிலும் சிலிக்கா இருப்பதாக விளம்பரம். 20,000 கி.மீ. ஓடியபின் முன்னால் 8 மி.மீ. பள்ளம் 5.5 ஆகிவிட்டது, பின்னால் 6.2 இருக்கிறது. ஆனால் மழையில் வளைவுகளில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. சிலிக்கா பிடிப்பைக் கொடுத்து ஆயுளைத் தின்கிறதா?

கணக்கன்
ஆமாம், அதேதான். சிலிக்கா ரப்பரை மென்மையாக்கும். மென்மையான அழிப்பான் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். கணக்குப் போடுங்கள்: 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்றால் 6.4 மி.மீ. கையில் இருக்கிறது. மலிவானது 20,000க்கு 1.8 தேய்ந்தது, அதாவது மொத்தம் சுமார் 71,000 கி.மீ. விலை கூடியது 51,000தான். கூடக் கொடுத்துக் குறைவாக ஓட்டுவானேன்?

காற்றுப்பை
காற்றழுத்தம் பார்த்தீர்களா? நான் நைட்ரஜன் நிரப்பியதிலிருந்து வழுக்கலே இல்லை.

பழைய மிக்ஸர்
காற்றழுத்தம் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அவர் கேட்பது ரப்பர் கலவையைப் பற்றி.

கணக்கன் சொன்ன அழிப்பான் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் குற்றவாளி மாறிவிட்டது. சிலிக்கா ஒரு நிரப்பி. அது ரப்பரை இறுக்கும், மென்மையாக்காது. ரப்பர் கலக்கும் ஆலையில் பல வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், "சிலிக்கா உண்டு" என்று எழுதியிருப்பதில் பாதிச் சேதிதான் இருக்கிறது. அது ரப்பரோடு ஒட்டியிருக்கிறதா என்பது மீதி.

டயரில் போடும் இன்னொரு நிரப்பியான கார்பன் பிளாக் என்ற கரித்தூள் தானாகவே ரப்பரோடு நன்றாக ஒட்டும். அதனால் கலப்பது சுலபம், தேய்மானமும் குறைவு. சிலிக்காத் துகளுக்கு ரப்பர் பிடிக்காது, அதன் பக்கத்துத் துகளைத்தான் பிடிக்கும். கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்து வைக்க சிலேன் என்று ஒரு பாலம் போடுவார்கள், ஒரு முனை சிலிக்காவில், கந்தகம் உள்ள மறுமுனை ரப்பரில். சிலிக்கா 80 பங்கு என்றால் சிலேன் 6, 7 பங்கு வேண்டும்.

சிக்கல் மிக்ஸரில்தான். அந்த வினை நடக்க 140 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 160ஐத் தாண்டினால் சிலேனில் உள்ள கந்தகமே ரப்பரை முன்கூட்டியே வேகவைக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சின்ன இடைவெளியில் சில நிமிடம் பிடித்து வைக்கவேண்டும், வெளியாகும் எத்தனால் ஆவி போக வழி வேண்டும், ஆறவிட்டு மறுபடியும் மிக்ஸரில் போடவேண்டும். அதே இயந்திரத்தில் கார்பன் பிளாக் கலவை அதற்குள் எத்தனையோ தொகுதி வந்துவிடும். அவசரப்பட்டால் பாலம் பாதியில் நிற்கும். அப்படிப்பட்ட டயரில் சிலிக்கா இருக்கும், ஆனால் சாலை உரச உரச ரப்பர் கட்டியைச் சுற்றிப் பிய்ந்துகொண்டு வரும். சிலிக்கா ஆயுளைத் தின்னும் என்ற பேச்சு அப்படி வந்ததுதான்.

கணக்கன்
சரி சார், ஆனால் பாலம் அரைகுறை என்றால் மலிவானதல்லவா சீக்கிரம் தேய்ந்திருக்கவேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே.

பழைய மிக்ஸர்
நியாயமான கேள்வி. இரண்டு விஷயம்.

முதலில் அளவீடு. அவர் இரண்டு டயரை ஒப்பிடவில்லை, இரண்டு அச்சை ஒப்பிட்டிருக்கிறார். முன்சக்கரத்தில் ஓடும் காரில் இழுப்பது, திரும்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன் டயர்தான். நான்கும் ஒரே டயர் என்றாலும் முன்னால் இருப்பது இருமடங்கு வேகத்தில் தேய்வது சகஜம். இங்கே 2.5க்கு 1.8. என் கண்ணுக்கு முன்னால் இருக்கும் டயர் நன்றாகத் தாங்கியிருக்கிறது. அந்த 71,000, 51,000 இரண்டையும் நம்பவேண்டாம். புது டயரில் உயரமான கட்டைகள் அசைவதால் முதலில் அதிகமாகத் தேயும், போகப்போகக் குறையும்.

அடுத்தது, மலிவு டயர் ஒரே வகை இல்லை. ஒரு வகையில் பேருக்குக் கொஞ்சம் சிலிக்கா, மீதி கார்பன் பிளாக், கூடவே பியூட்டடையீன் ரப்பர் தாராளமாக. அந்த ரப்பர் மைனஸ் 100 டிகிரி பக்கத்தில்தான் கண்ணாடிபோல் இறுகும், அதனால் தேய்மானத்தில் கில்லாடி, ஈரத்தில் பிடிப்பு மோசம். உங்கள் பின்சக்கரத்தில் இருப்பது இது என்பது என் ஊகம். மற்ற வகை ஈரப் பிடிப்புக்கு ஏ மதிப்பெண் வாங்கவே செய்தது: அவ்வளவு குளிர் இல்லாமலே இறுகிவிடும் எஸ்பிஆர் ரப்பர், நிறைய பிசின், அரைகுறைப் பாலம். ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்பு, எரிபொருள், சத்தம் எல்லாம் உண்டு, தேய்மானம் இல்லை. ஆகவே எதை விட்டுக்கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாடகைவண்டி
என் கதையும் இதுதான் அண்ணே. மலிவு டயர் 60,000 ஓடியது, இன்னும் பள்ளம் இருந்தது. ஆனால் கடைசி வருடம் மழையில் கண்ணாடிமேல் போவதுபோல் போனது. நகத்தால் அழுத்தினால் இறங்கவே இல்லை. பள்ளம் இருக்கும்வரை டயர் நல்ல டயர் என்று இனிமேல் யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

பழைய மிக்ஸர்
நகம் இறங்காதது முக்கியமான அடையாளம். எண்ணெய் வெளியேறும், கந்தகப் பிணைப்பு கூடும், ஆக்சிஜன் வேறு. ஆனால் பள்ளமும் குறைந்திருக்கும், எது எவ்வளவு என்று நகத்தை வைத்துப் பிரிக்கமுடியாது. அது நல்ல டயருக்கும் நடக்கும்.

ஈரச்சாலை
அப்படியானால் நல்ல சிலிக்கா டயர் பிடிப்பும் கொடுத்து, தேய்மானமும் தாங்கி, எரிபொருளும் மிச்சம் பண்ணுமா? ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

பழைய மிக்ஸர்
பிடிப்பும் எரிபொருளும் ஒன்றையொன்று அடிக்காததற்குக் காரணம் வேகம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது தடவை சுற்றும். அந்த மெதுவான நசுங்கலில் ஆற்றல் வீணானால் எரிபொருள் போகும். ஆனால் வழுக்கும்போது சாலைக் கற்கள் ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்தும். அங்கே ஆற்றல் வீணாகவேண்டும், அதுதான் பிடிப்பு. ஒட்டிய சிலிக்கா முதலாவதில் வீணாக்காது, இரண்டாவதில் வீணாக்கும். 1992 வாக்கில் மிஷ்லின் இந்த வழியில் கார் டயர் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். கொடுக்கவேண்டியது மிக்ஸர் நேரமும் பணமும்.

பிடிப்புக்கும் தேய்மானத்துக்கும் உள்ள சண்டை மட்டும் முழுதாகத் தீரவில்லை. ஈரத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கவைக்க ரப்பரை மாற்றினால் தேய்மானம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கணக்கன்
வருடத்தில் பெரும்பாலும் காய்ந்த சாலையில் ஓட்டுபவனுக்கு இந்தப் பாலம் எதற்கு? லாரி டயரில் பெரிய கம்பெனிகளே கார்பன் பிளாக்கும் இயற்கை ரப்பரும்தானே போடுகின்றன?

பழைய மிக்ஸர்
அதை மறுக்கமாட்டேன். இயற்கை ரப்பரோடு சிலிக்கா அவ்வளவு ஒத்துப்போகாது, லாரிக்கு ஆயுளும் வெப்பமும்தான் முதல் கவலை. ஆனால் அவர் கேட்டது மழையில் வால் இழுக்கும் காரைப் பற்றி. ஈரச்சாலை, பிடிப்பு அதிகமான இரண்டும் எப்போதும் பின்னால் இருக்கட்டும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுற்றிவிடும்.

ஈரச்சாலை
இந்த வாரம் மாற்றிவிடுகிறேன். 10,000 ஓடியதும் ஆழமானி வைத்து அளந்து போடுகிறேன்.

கணக்கன்
போடுங்கள். ஆனால் இப்போது நல்லதைப் பின்னால் வைத்தால் அது தேயவே தேயாது, அதையும் சிலிக்காவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்!