இஃப் வாக்கியத்தில் கோடிட்ட இடம்: நோட்டில் நீங்கள் பார்த்த தப்புகளைச் சொல்லுங்க

அடிவாரம் டியூஷன்

ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது மூன்றே வாக்கியம். ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட் கண்டிஷனல் மூன்றும் அதில் வந்துவிடும். எந்த வகை என்று மேலே எழுத மாட்டேன். எழுதினால் அவர்கள் வாக்கியத்தைப் படிக்காமல் ஃபார்முலாவை மட்டும் பார்ப்பார்கள்.

```
1. If coffee plants ____ rain in March, they ____ about ten days later.   get, flower
2. If it ____ tomorrow, we ____ to Pagoda Point.   rain, not go
3. If Salem ____ on the coast, we ____ fresh fish every day.   be, eat
```

அதிகம் அடிபடுவது இரண்டாவது. பத்து நோட்டில் பாதிக்கு மேல் முதல் கோட்டில் 'வில் ரெய்ன்' இருக்கும். நாளை என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக வில் போட்டுவிடுகிறது. நாளை என்பதை இஃப் பக்கத்து வினை காட்ட வேண்டியதில்லை, 'டுமாரோ' காட்டிவிட்டது. வில் உட்காரும் இடம் விளைவுப் பக்கம்தான். அதனால் 'ரெய்ன்ஸ்'. கடைசி எஸ்ஸையும் மறக்கக் கூடாது, எழுவாய் 'இட்'.

இதைவிடச் சுவாரசியமான தப்பு ஒன்று உண்டு. கொஞ்சம் கவனமான பிள்ளை 'ரெய்ன்ட்' என்று எழுதும். கேட்டால் 'பெய்தால்னு தானே மிஸ், பெய்த-ல பாஸ்ட் இருக்கு' என்கிறது. அது சொல்வதும் சரிதான். தமிழில் பெய்தால், வந்தால், இருந்தால் எல்லாமே இறந்தகால அடியில்தான் நிற்கும், நடக்கப்போவதாக இருந்தாலும் நடக்கவே நடக்காததாக இருந்தாலும். மூன்று வகைக்கும் நமக்கு ஒரே 'ஆல்'. இங்கிலீஷில்தான் அது பிரிகிறது. ஆகவே தமிழ்ச் சொல்லைப் பார்த்து வினையைப் போடாதே, பொருளைப் பார்த்துப் போடு என்று அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் காபி

டீச்சர், இவ்வளவு எதுக்கு? டுமாரோ, நெக்ஸ்ட் வீக் மாதிரி காலச்சொல் இருந்தா ஃபர்ஸ்ட், எதுவும் இல்லன்னா ஜீரோ, முடிஞ்சுபோன விஷயம்னா செகண்ட். எங்க எஸ்டேட் பசங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், முக்கால்வாசி சரியா வருது. காபிப் பூ விஷயம் கரெக்ட், மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை விழுந்தா ஒரு வாரம் பத்து நாள்ல மலையே வெள்ளையாகும்.

அடிவாரம் டியூஷன்

அண்ணா, முக்கால்வாசி வருவதற்குக் காரணம் வொர்க்‌ஷீட் எழுதுகிறவர்களும் அதே சொற்களை வைப்பதுதான். இதைப் போட்டுப் பாருங்கள்.

```
If I ____ a lottery tomorrow, I ____ an estate.   win, buy
```

டுமாரோ இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்தியாச்சு, சொல்கிறவர் நடக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதனால் 'வன்', 'உட் பை'. செகண்ட் முடிந்துபோனதற்கு இல்லை. வினை இறந்தகால உருவில் இருக்கும், காலம் இன்றோ நாளையோதான். அந்த உருவம் காட்டுவது காலத்தின் தூரத்தை இல்லை, நிஜத்திலிருந்து தூரத்தை.

நான் தமிழிலேயே இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். 'போதெல்லாம்' போட்டுப் பார்: 'மழை கிடைக்கும்போதெல்லாம் பூக்கும்.' பொருந்துகிறது, ஆக ஜீரோ, இரண்டு பக்கமும் நிகழ்காலம். பொருந்தவில்லையா, முன்னால் 'ஒரு பேச்சுக்கு' போட்டுப் பார்: 'ஒரு பேச்சுக்கு, சேலம் மட்டும் கடலோரம் இருந்தா...' பொருந்துகிறது, ஆக செகண்ட். இரண்டுமே ஒட்டாதது ஃபர்ஸ்ட். 'ஒரு பேச்சுக்கு நாளைக்கு மழை பெய்தா' என்று வானம் மூடிக் கிடக்கும்போது யாரும் சொல்ல மாட்டோம்.

```
1. get / flower
2. rains / will not go
3. were / would eat
```

ஹேர்பின் இருபது

முதல் வாக்கியத்தில் என் மாணவர்கள் செய்வது வேறு. இஃப் பக்கம் சரியாக வந்துவிடும், விளைவில் 'வில் ஃப்ளவர்' எழுதுவார்கள். காரணம் 'பூக்கும்'. நம் 'உம்' எப்போதும் நடப்பதற்கும் உண்டு, இனி நடக்கப்போவதற்கும் உண்டு. 'காபி மார்ச்சில் பூக்கும்', 'இந்தச் செடி அடுத்த வாரம் பூக்கும்', சொல் ஒன்றுதான். பேச்சு இங்கிலீஷில் முதல் வாக்கியத்தில் வில் வந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பொது உண்மை கேட்கும் பயிற்சியில் விடைத்தாள் நிகழ்காலத்தைத்தான் எதிர்பார்க்கும்.

ஒரு சந்தேகம், பாதி விளையாட்டாக. எல்லா வொர்க்‌ஷீட்டிலும் தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் கொதிக்கும் என்று இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இங்கே சுமார் 95-லேயே கொதித்துவிடும். அப்போ நம்மூருக்கு அது ஜீரோவா?

அடிவாரம் டியூஷன்

வாக்கியம் உண்மையா பொய்யா என்று இலக்கணம் கேட்காது, சொல்கிறவர் அதைப் பொது உண்மையாகச் சொல்கிறாரா என்றுதான் கேட்கும். 'அட் ஸீ லெவல்' சேர்த்துவிட்டால் உங்கள் வழக்கும் தீர்ந்தது. ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100-ஐத் தொட்டால் என்று ஆரம்பித்தீர்களானால் அது நடக்காத கதை, உட் போடுங்கள்.

அம்மாப்பேட்டை அப்பா

என் பொண்ணு எட்டாவது. 'ஐ' பக்கத்துல 'வாஸ்'தானே வரும்? டெஸ்ட்ல 'இஃப் ஐ வேர்'னு திருத்தி மார்க் எடுத்துட்டாங்க. அதுபோக கீழே இருக்கிறதுக்கு அவ எழுதினது 'கெட்', 'வில் பில்ட்'. கீ-ல 'காட்', 'உட் பில்ட்'. அவளுக்கு வேலை கிடைக்கவே கிடைக்காதுன்னு கீ எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

```
If I ____ a government job, I ____ a house in Yercaud.   get, build
```

அடிவாரம் டியூஷன்

'வாஸ்' பேச்சில் சகஜம், தப்பென்று சொல்ல முடியாது. பரீட்சையில் 'வேர்' எழுதிவிட்டால் வம்பில்லை. 'ஐ', 'ஹீ', 'இட்' எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும்.

இரண்டாவதில் பாப்பா எழுதியது சரி. கிடைக்கும் என்று நம்பிச் சொன்னால் அவள் விடை, கனவாகச் சொன்னால் கீ. இரண்டு கோட்டையும் காலியாக விட்டதுதான் கேள்வியின் குறை. 'உட் பில்ட்' அச்சிலேயே இருந்திருந்தால் முதல் கோடு 'காட்' மட்டும்தான். எழுதிக் கொடுத்த பாதியில் வில்லா உட்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பல கேள்வி அங்கேயே உடைந்துவிடும். ஒரு பக்கம் 'கெட்', மறு பக்கம் 'உட்' என்று கலந்திருந்தால்தான் இந்த மட்டத்தில் தப்பு.

சேர்வராயன் காபி

லாட்டரியை ஒத்துக்கிறேன் டீச்சர். ஆனா வில் இஃப் பக்கம் வரவே வராதுன்னு சொல்லாதீங்க. இங்க ஹோட்டல் ரிசப்ஷன்ல 'இஃப் யூ வில் வெய்ட் எ மினிட், சார்'னு தினமும் கேக்கிறோமே.

அடிவாரம் டியூஷன்

அங்கே வில் நாளையைக் காட்டவில்லை, 'தயவுசெய்து காத்திருக்க முடியுமானால்' என்று மனசைக் கேட்கிறது. மழையிடம் அப்படிக் கேட்க முடியாது. எட்டாவதுக்குக் கீழே இதைச் சொன்னால் குழம்பிவிடுவார்கள் என்று நான் விட்டுவிடுகிறேன்.

ஹேர்பின் இருபது

நான் விடுவதில்லை. எப்படியும் எங்காவது கேட்டுவிட்டு வந்து நிற்பார்கள், அப்போது 'மிஸ் பொய் சொன்னாங்க' என்றாகிவிடும்.

அம்மாப்பேட்டை அப்பா

சரிங்க, அப்போ அந்த ஒரு மார்க்கை நாளைக்குப் போய்க் கேக்கலாமா, வேண்டாமா?