கோத்தகிரிக்கும் டொராண்டோவுக்கும் நடுவுல சிரிப்பு குறைஞ்சுபோச்சு

டொராண்டோ வந்து 5 மாசம்: கல்யாணம் பேசி முடிச்ச பொண்ணு கோத்தகிரியில டீச்சர். ராத்திரி 10 மணிக்கு நான் கூப்பிட்டா அவளுக்குக் காலை 7.30. டீ குடிச்சுக்கிட்டே கிண்டலும் சிரிப்புமா பேசுவோம். நவம்பர்ல இருந்து அதே 10 மணிக்குக் கூப்பிட்டா பஸ்ல இருக்கா. "சாப்டியா"வோட பேச்சு முடிஞ்சிடுது. என்ன செய்யலாம்?

மன்னவனூர்க்காரன்: வித்தியாசம் பத்தரை மணி நேரம், தம்பி. அலாரம் வெச்சுட்டா வருஷம் பூரா அதேதான்.

குன்னூர் அக்கா: பத்தரைங்கிறது குளிர்காலத்துக்குத்தான் சரி. அங்க மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பாங்க. இடைப்பட்ட மாசங்கள்ல ஒன்பதரைதான். அவ மனசு மாறலப்பா, உன் கடிகாரம் மாறியிருக்கு. இப்போ ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடு, அவளுக்கு அதே 7.30.

டொராண்டோ வந்து 5 மாசம்: 9 வரைக்கும் ஷிப்ட், அக்கா. வீடு வர 9.45 ஆகிடும்.

குன்னூர் அக்கா: அப்போ பேச்சை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கோங்க. மத்த நாள்ல நாங்க ஆடின ஆட்டத்தை ஆடிப் பாருங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்தப்போ ஒரு நாளைக்கு ஒரு சத்தம் அனுப்பிக்குவோம். பத்து செகண்ட், பேசக்கூடாது, மத்தவங்க கண்டுபிடிக்கணும். தகரக்கூரையில குரங்கு ஓடினதை அவர் ஆலங்கட்டி மழைன்னார். துணி துவைக்கிற மெஷின்ல காசு விழுந்ததை நான் கோயில் உண்டியல்னு சொன்னேன். தோத்தவங்க ஞாயித்துக்கிழமை பாடணும். ஒருத்தர் தூங்குற நேரம் இன்னொருத்தருக்கு விடை தெரியாத நேரம், அதனால காத்திருக்கிறதே ஆட்டத்துல சேர்ந்துடும்.

கிண்டலை மட்டும் எழுதி அனுப்பிட்டுத் தூங்கப் போயிடாத. "டீச்சரம்மாவுக்கு நம்ம ஞாபகம் எங்க"ன்னு அவர் விளையாட்டா எழுதிட்டுத் தூங்கிட்டார். அவர் எழுந்திரிக்கிற வரை எட்டு மணி நேரம் நான் அதையே நெனச்சு அழுதேன். கிண்டல்னா குரல்ல அனுப்பு, சிரிப்பு கூடவே கேக்கும். அவ யோசிக்காம ஏதோ ஒரு விடை சொன்னா களைச்சிருக்கான்னு அர்த்தம், அந்த வாரம் ஆட்டத்தை விட்டுடு. அக்டோபர், நவம்பர் மழையில கரண்டும் சிக்னலும் போகும். அப்போ பதில் வரலைன்னு கணக்கு வைக்காத.

துபாய் கூடலூரான்: எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நடுராத்திரி திடீர்னு கூப்பிடுவேன், வீட்டுல ரொம்ப சந்தோஷப்படுவாங்க. நீங்களும் செய்யுங்க.

குன்னூர் அக்கா: காலையில வகுப்பு எடுக்கப் போறவளுக்கு அது வேண்டாம். எங்க வீட்டுல நடுராத்திரி போன் அடிச்சா யாருக்கு என்ன ஆச்சோன்னு எல்லாரும் எழுந்து உக்காந்துடுவோம்.

துபாய் கூடலூரான்: ஆளைப் பொறுத்தது அக்கா. என் மனைவி ஒரு வாரம் கூப்பிடலைன்னா கோவிச்சுக்குவா.

டொராண்டோ வந்து 5 மாசம்: நேத்து முதல் சத்தம் அனுப்பினேன். பனியில பூட்ஸ் போட்டு நாலு அடி நடந்தேன். காலையில பதில் வந்திருந்துச்சு: "ஊட்டி வர்க்கி அங்கேயும் கிடைக்குதா?"