"கை" என்று ஒரு பொத்தான்: தமிழ்த் திரையில் நீங்கள் தடுக்கி விழுந்த இடங்கள்

வடக்குத்தெரு:
ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்களே என்று போன மாதம் வாசலில் ஒரு கேமரா மாட்டிக் கொடுத்தேன். அப்பாவின் போன் முழுக்கத் தமிழ். அதனால் கேமரா ஆப்பும் தானாகவே தமிழில் திறந்துகொண்டது. அடியில் வரிசையாக நான்கு பொத்தான்கள்: "வாழ்க", "மீண்டும் விளையாடு", "கை", "நிராயுதபாணி".

"யாரைடா வாழ்கங்கிறான்?" என்று அப்பா கேட்டார். சிரித்துவிட்டு அப்படியே விட்டது என் தப்பு. கையைக் காட்டினால் கேமரா திரும்பும் போல என்று நினைத்து, அன்று ராத்திரி "கை"யை அழுத்தியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. படுத்துவிட்டார். இரண்டு மணிக்கு நாய் குரைக்கிறதே என்று கதவைத் திறந்து வெளியே வந்தவர் மேல் சைரன் அலறியது. எதிர்வீட்டுச் சித்தப்பா டார்ச்சும் கம்புமாக வந்து நின்றார். நிறுத்த வேண்டிய பொத்தான் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் "நிராயுதபாணி"யைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? கடைசியில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்கள்.

மறுநாள் பிடிபட்டது அந்தச் சொல்லிலிருந்துதான். "கை"க்கு ஆங்கிலத்தில் பல சொல் இருக்கும். "நிராயுதபாணி"க்கு டிஸ்ஆர்ம் தவிர வேறு வழியில்லை. அதற்கு ஜோடி ஆர்ம். ஆர்ம் என்றால் கையும்தான், காவலுக்குத் தயார் நிலையில் வைப்பதும்தான். ஆக, "கை" என்றால் காவல் போடு, "நிராயுதபாணி" என்றால் காவலை எடு. "வாழ்க" என்பது லைவ், இப்போது நடப்பதைப் பார். "மீண்டும் விளையாடு" பிளேபேக், பதிவானதைப் பார்.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கறார் கந்தசாமி:
இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? போனை ஆங்கிலத்துக்கு மாற்று, வேலை முடிந்தது. முடியாதென்றால் நிறத்தைப் பார். சிவப்பு என்றால் அழிப்பது, பச்சை என்றால் சரி. எல்லா ஆப்புக்கும் இதுதான் கணக்கு.

வடக்குத்தெரு:
அண்ணே, அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, அதனால்தானே தமிழ். நிறமும் கைகொடுக்கவில்லை. அந்த ஆப்பில் காவல் போட்டிருந்தால்தான் பூட்டுப்படம் சிவப்பாகிறது. காணொளி பதிவு செய்யும் பொத்தானும் சிவப்புதான், அது எதையும் அழிப்பதில்லை.

அச்சுக்கோப்பவர்:
ஆப் மொழிபெயர்ப்பு வேலையில் சில வருஷம் இருந்தவன். ஆண்ட்ராய்டில் திரையில் தெரியும் எழுத்தெல்லாம் தனியாக ஒரு கோப்பில் கிடக்கும், இந்த மாதிரி:

```xml
<string name="btn_3">Arm</string>
<string name="btn_4">Disarm</string>
<string name="plan_left">%d days left</string>
```

மொழிபெயர்க்கும் எந்திரத்துக்குப் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சொல் மட்டும்தான் போகும். அது கேமராவா, உடற்பயிற்சியா என்று சொல்ல ஆள் கிடையாது. வரிக்கு மேலே குறிப்பு எழுத வசதி உண்டு, அவசரத்தில் யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வரும் வினையாகவும் வரும், தமிழில் இரண்டில் ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும். தனிச்சொல் கிடைத்தால் அது அதிகம் புழங்கும் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது வரி "30 நாட்கள் இடது" என்று வந்ததை நானே பார்த்திருக்கிறேன். மீதம் என்பதற்குப் பதில் இடது.

இதனால் ஒரு வசதியும் உண்டு. சொல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு கோணல். அதே ஆப்பில் நீளமான வாக்கியம் ஓரளவு சரியாக இருக்கும். பொத்தான் புரியவில்லை என்றால், அதை அழுத்தியபின் வரும் அறிவிப்பையோ உதவிப் பக்கத்தையோ வாசியுங்கள். "அசைவு தெரிந்தால் ஒலி எழுப்பப்படும்" என்று எங்காவது முழுசாக எழுதியிருப்பான். படம் மட்டும் இருக்கும் பொத்தானைச் சற்றுநேரம் அழுத்திப் பிடித்தால் சில ஆப்பில் பெயர் மிதந்து வரும். அதுவும் கோணலாக இருக்கலாம், ஆனால் இரண்டு கோணலைச் சேர்த்தால் நேரான ஒன்று கிடைக்கும்.

மல்லிகா டீச்சர்:
என் கதை வேறு, பணம் போன கதை. பஸ் டிக்கெட் ஆப்பில் தெரியாமல் எதையோ தொட்டுவிட்டேன். "பயணத்தை ரத்துசெய்யவா?" என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்: "ரத்துசெய்", "சரி". எனக்கு டிக்கெட் வேண்டும். "ரத்துசெய்" என்று இருப்பதைத் தொடுவேனா? "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று "சரி"யை அழுத்தினேன். டிக்கெட் போய்விட்டது. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. எந்திரத்தை நம்பியதற்குத் தண்டனை.

அச்சுக்கோப்பவர்:
டீச்சர், இதில் எந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த "ரத்துசெய்" ஆண்ட்ராய்டே வைத்திருக்கும் சொல்லாக இருக்கலாம், கேன்சல் என்ற பொத்தானுக்கு அதன் தமிழ் அதுதான். அந்த இடத்தில் அதற்குப் பொருள் "இந்தக் கேள்வியே வேண்டாம், என்னை விடு" என்பது. ஆங்கிலத்தில் எழுதியவனும் கேள்வியிலும் கேன்சல், பொத்தானிலும் கேன்சல் என்றுதான் வைத்திருப்பான். ஆங்கிலம் தெரிந்தவர்களும் அங்கே விழுவார்கள். "டிக்கெட்டை வைத்துக்கொள்" என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

இந்த மாதிரிப் பெட்டியில் இரண்டையும் தொடாமல் போனின் பின்செல் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காமல் பெட்டி மட்டும் மூடிக்கொள்ளும்.

கறார் கந்தசாமி:
வலதுபக்கம் இருப்பது எப்போதும் "ஆம்". இதைக்கூடக் கவனிக்காமல்...

அச்சுக்கோப்பவர்:
ஆண்ட்ராய்டின் சொந்தப் பெட்டியில் அப்படித்தான். விண்டோஸில் "சரி" இடப்பக்கம், கேன்சல் வலப்பக்கம். ஆப்காரன் தானே பெட்டி வரைந்தால் அவன் இஷ்டம். பக்கத்தைப் பார்த்துப் பணத்தைப் பந்தயம் வைக்காதீர்கள்.

நெல்லை மணி:
எனக்கும் தமிழ்ப் பிரச்சினைதான். பழைய போனில் ஆப் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. எந்த எழுத்துரு போட வேண்டும்?

மல்லிகா டீச்சர்:
தம்பி, அது எழுத்தே தெரியாத கதை. இங்கே எழுத்து தெரிந்தும் புரியாத கதை ஓடுகிறது.

காலை ஷிப்ட்:
போனைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆப்பை மட்டும் ஆங்கிலமாக்கலாம். ஆண்ட்ராய்டு 13இல் வந்தது, அமைப்புகளில் மொழிப் பகுதியில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி கேட்கும். ஐபோனில் அதற்கு முன்பே உண்டு. ஆங்கிலத்தில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டு தமிழுக்குத் திரும்பிவிடுவேன். ஆனால் ஆப்காரன் இந்த வசதிக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அந்த ஆப்பே வராது. எங்கள் வீட்டு வாட்ச் ஆப் வரவில்லை. அதில் "முகத்தைப் பார்க்கவும்" என்று ஒரு பொத்தான். மாமியார் தினமும் அதை அழுத்திவிட்டுக் கேமராவுக்காகக் காத்திருந்தார். அது வாட்ச் ஃபேஸ், கடிகாரத்தின் முகப்பை மாற்றுவது.

வடக்குத்தெரு:
பார்த்தேன், கேமரா ஆப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பின் திரையைப் படமெடுத்து, நான்கு பொத்தானுக்கும் பேனாவால் பொருள் எழுதி, பிரிண்ட் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியாயிற்று. அப்பா இப்போது "கை போட்டாச்சு" என்றுதான் சொல்கிறார்.

ஊதாச்சட்டை:
ஏசி ஆப்பில் என் நிலவரம்: "ஊஞ்சல்", "ரசிகர்", "நான் உணர்கிறேன்". ஊஞ்சல் ஸ்விங், காற்று மேலும் கீழும் போவது. ரசிகர் ஃபேன், இதற்கு நான் அரைமணி நேரம் சிரித்தேன். மூன்றாவது என்னவென்று தெரியவில்லை.

அச்சுக்கோப்பவர்:
அது ஐ ஃபீல். ரிமோட்டுக்குள் இருக்கும் உணரியை வைத்து, ரிமோட் கிடக்கும் இடத்தின் சூட்டைப் பார்த்து ஏசி ஓடும்.

ஊதாச்சட்டை:
ரிமோட் தொலைந்துதான் ஆப்புக்கே வந்தேன். அப்படியென்றால் ஆப்பில் அதை அழுத்தினால் எந்த இடத்துச் சூட்டைப் பார்க்கும்?