38 டொலருக்கு எடுத்தது, இந்த வருடம் 168 டொலர் கேட்கிறது

மாங்குளத்தாள்: போன வருடம் என் தேன் கடையின் இணையத்தளத்துக்கு .store பெயர் 2 டொலர், ஹோஸ்டிங் மாதம் 3 டொலர் என்று எடுத்தேன். ஒரு வருடத்துக்கு 38 டொலரோடு முடிந்தது. இப்போது பெயருக்கு 48, ஹோஸ்டிங்குக்கு 120 என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. 26 நாள்தான் இருக்கிறது. இது ஏமாற்று இல்லையா?

நந்திக்கடல்: சுத்த ஏமாற்று அக்கா. கட்டாதீங்க. வருடா வருடம் புது நிறுவனத்துக்கு மாறினால் எப்போதும் முதல் வருட விலைதான். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கனகராயன்: தம்பி சொல்வது ஹோஸ்டிங்குக்குச் சரி, பெயருக்குச் சரிவராது. 2 டொலர் என்பது புதிதாகப் பதிகிற பெயருக்கு மட்டும். இருக்கிற பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் அங்கே ஒரு வருடம் கூட்டித் தருவார்கள், ஆனால் ஏறக்குறைய புதுப்பிப்பு விலையைத்தான் வாங்குவார்கள். .store-ஐ நிறுவனங்கள் வாங்குகிற மொத்த விலையே அதிகம், அதனால் எங்கே போனாலும் சில டொலர்தான் மிஞ்சும். தங்கச்சி, முதலில் Auto-renew-ஐ நிறுத்துங்கோ. சில இடங்களில் முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அட்டையில் எடுத்துவிடுவார்கள்.

முறிகண்டி: எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு அட்டை காலாவதியாகி .com பெயரே போய்விட்டது. மீட்க வருடக் காசைப்போலப் பல மடங்கு கேட்டார்கள், விட்டுவிட்டோம். பிறகு யாரோ எடுத்து சூதாட்டப் பக்கம் போட்டான்.

நந்திக்கடல்: விட்டுவிட்டுத் திரும்ப 2 டொலருக்கு எடுக்கலாமே?

கனகராயன்: முடிந்த அன்றே அது சந்தைக்கு வராது. முதலில் புதுப்பிக்கச் சில சலுகை நாட்கள், அதற்குப் பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், பிறகு 5 நாள் முடக்கம். சிலவேளை அதற்குள் நிறுவனமே ஏலத்தில் விட்டுவிடும். அவ்வளவு காலமும் கடைத் தளமும் அந்தப் பெயரில் வருகிற மின்னஞ்சலும் செத்துக்கிடக்கும்.

மாங்குளத்தாள்: ஐயோ, போத்தலில் ஒட்ட 500 ஸ்டிக்கர் அந்தப் பெயரில் அடித்துவிட்டேன். தளத்தில் நாலே பக்கம்தான். ஓடர் எல்லாம் தொலைபேசியில் வருகிறது.

கனகராயன்: அப்படியென்றால் பெயருக்கு 48-ஐக் கட்டுங்கோ. நாலு பக்கத்துக்கு 120 டொலர் வீண். Cloudflare Pages போன்ற இலவச இடத்தில் வைக்கலாம், ஆனால் சாதாரண HTML பக்கமாக இருக்கவேண்டும். வேர்ட்பிரஸ் அப்படியே ஓடாது. இந்த வாரமே பிரதி எடுத்து, புது இடத்தில் திறந்து பார்த்துவிட்டு, கடைசியாகப் பெயரை அங்கே திருப்புங்கோ. அடுத்த வருடத்துக்கு மாதம் 4 டொலர் ஒதுக்கினால் போதும்.

மாங்குளத்தாள்: வேர்ட்பிரஸ்தான் அண்ணா. செய்து தந்த பிள்ளை இப்போது கட்டாரில்.

நந்திக்கடல்: அதை நான் மாற்றித் தருகிறேன் அக்கா. ஆனால் 48-ஐச் சின்ன எழுத்தில் போட்டவனை நியாயம் என்று சொல்லமாட்டேன்.

கனகராயன்: நியாயம் என்று நானும் சொல்லவில்லையே.