லாக் ஃபைலுக்குத் தமிழில்: பூட்டா, தாழா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:
வணக்கம். மண்டி மாங்காய் விலைப் பக்கத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுகிறேன். கிரான் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளப்பும். வழக்கமாக 6 நிமிடத்தில் முடியும், சீசனில் இழுக்கும். போன வாரம் 10:00 மணி ஓட்டம் நடுவில் திணறி 10:24க்குத்தான் எழுதி முடித்தது. 10:15 ஓட்டமோ 10:21க்கே முடிந்துவிட்டது. விளைவு, பெங்களூராவின் புது விலைமேல் பழைய விலை ஏறி உட்கார்ந்தது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. ஒரு விவசாயி கேட்ட பிறகு பதிவேட்டைப் பார்த்தேன்: இரண்டு 'தொடக்கம்' அடுத்தடுத்து, இடையில் 'முடிவு' இல்லை. ஒரு ஓட்டம் முடியும்வரை அடுத்தது உள்ளே வராமல் தடுக்க இப்போது லாக் ஃபைல் வைத்துவிட்டேன். உதவிக்குறிப்பில் அதைப் 'பூட்டுக்கோப்பு' என்று எழுதலாமா?

பாலக்கோட்டிலிருந்து:
எழுதலாமே. நானும் பூட்டுக்கோப்பு வைத்திருக்கிறேன். சம்பளப் பட்டியல் எக்செல்லுக்குக் கடவுச்சொல் போட்டு வைத்தேன், இப்போது மறந்துவிட்டது. திறக்க வழி உண்டா?

பர்கூரிலிருந்து:
அக்கா, நீங்கள் சொல்வது வேறு. ஆனால் அப்படிப் புரிந்துகொள்ள வைத்தது அந்தச் சொல்தான். இங்கே பூட்டப்படுவது கோப்பு அல்ல, வேலை. 'காவல்கோப்பு' என்போம். கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் உருவாக்குவது, முடிந்ததும் அழிப்பது. அவ்வளவுதான்.

தருமபுரியிலிருந்து:
தம்பி சொல்லும் முறை பாதிதான் காக்கும். பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது. இரண்டு ஓட்டங்களும் அதில் 'இல்லை' என்று பார்த்துவிடலாம். அதைவிட, நடுவில் கரண்ட் போனால் கோப்பு அழியாமல் கிடக்கும். பிறகு ஓட்டமே நடக்காது, விலை உறைந்து நிற்கும். லினக்ஸில் இப்படிச் செய்யுங்கள்:

```
*/15 * * * * flock -n /home/mandi/vilai.lock /home/mandi/vilai.sh
```

இங்கே பிடிமானம் லினக்ஸ் கர்னலிடம் இருக்கிறது. ஓட்டம் முடிந்தாலும் செத்தாலும் பிடி தானே விடும். `-n` இருப்பதால் இரண்டாவது ஓட்டம் காத்திருக்காமல் 1 என்ற குறியோடு திரும்பிப் போகும். கோப்பு வட்டில் கிடக்கட்டும், அழிக்காதீர்கள்: அழித்தால் அடுத்தவர் அதே பெயரில் புதுக்கோப்பைப் பிடிப்பார், இருவரும் உள்ளே இருப்பார்கள். ஸ்கிரிப்ட் பின்னணியில் ஏதாவது கிளப்பிவிட்டுப் போனால், அது முடியும்வரை பிடி விடாது, அதையும் கவனியுங்கள்.

அதனால்தான் பூட்டு என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. வெளியே தொங்கும் பூட்டு, போட்டவர் போன பிறகும் தொங்கும். இது உள்ளிருப்பவர் போடும் தாழ்ப்பாள். 'தாழ்க்கோப்பு' என்பது என் பரிந்துரை.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
ஐயா, கட்டளை வேலை செய்கிறது. நேற்று 10:15 ஓட்டம் அப்படியே திரும்பிப் போனது, 10:30 ஓட்டம் சரியாக எழுதியது. ஆனால் தாழ்க்கோப்பு என்றால் 'கீழான கோப்பு' என்று படிக்கிறார்கள் என் வீட்டில்.

ஊத்தங்கரையிலிருந்து:
'தாழ்ப்பாள்கோப்பு' என்று முழுதாக எழுதினால் அந்தக் குழப்பம் வராது. நீளம்தான். பர்கூர் தம்பி காட்டிய முறைக்குப் பூட்டுக்கோப்பு, flock முறைக்குத் தாழ்ப்பாள்கோப்பு என்று இரண்டையும் வைக்கலாமா?

தருமபுரியிலிருந்து:
இரண்டு சொல் வேண்டும் என்பது சரி. முதலாவதற்குப் பூட்டு வேண்டாம், பாலக்கோட்டு அக்காவின் கேள்வி திரும்ப வரும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.